11ஆம் தேதி புகார், 15ஆம் தேதி மெக்கானிக்: வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். போன வருஷம் மே மாதம் ஆன்லைனில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். பில் என் தம்பி பெயரில், ஏசி எங்கள் வீட்டில். இந்த மே 11, ஞாயிறு ராத்திரி திடீரென்று நின்றுவிட்டது. அன்றைக்கே கம்பெனி ஆப்பில் புகார் போட்டேன். 15ஆம் தேதிதான் மெக்கானிக் வந்தார். அவுட்டோரில் போர்டு போய்விட்டது, 9,800 ரூபாய் ஆகும், வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "நீங்கள் வாங்கியது 10.05.2024" என்கிறார்கள். வாரண்டி விதியில் போர்டுக்கு 5 வருஷம் என்று போட்டிருக்கிறதே! பில், வாரண்டி விதி இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வாரண்டி உண்டா, இல்லையா?

பதில்:

உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் அந்த ஐந்து வருஷ வரியை வைத்து அல்ல. நீங்கள் கவனிக்காமல் விட்ட வேறொரு வரி உங்கள் பக்கம் இருக்கிறது.

முதலில் பில். அதில் இரண்டு தேதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. Order Date என்ற இடத்தில் 10.05.2024, அதற்குக் கீழே Invoice Date என்ற இடத்தில் 12.05.2024. சர்வீஸ் சென்டர்காரர் முதல் தேதியைப் பார்த்து, ஒரு வருஷம் 9ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அவர்களுடைய கம்ப்யூட்டரில் யாரோ பில்லின் மேல் வரியைப் பார்த்துத் தேதியை ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய விதிகளின் படத்தில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். வாரண்டி "ஒரிஜினல் இன்வாய்ஸில் குறிப்பிட்ட வாங்கிய தேதியிலிருந்து" 12 மாதம் என்று இருக்கிறது. ஆர்டர் போட்ட தேதியிலிருந்து என்று எங்கும் இல்லை.

இனி, வாங்கிய தேதி என்றால் எது? கடைக்குப் போய் வாங்குகிறவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. காசைக் கொடுத்தார், பில்லை வாங்கினார், பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார், எல்லாம் ஒரே நாள். ஆன்லைனில் அப்படி இல்லை. 10ஆம் தேதி நீங்கள் ஆர்டர் போட்டபோது உங்களுக்கென்று ஒரு ஏசி இன்னும் பிறக்கவே இல்லை. ஏதோ ஒரு கிடங்கில் ஒரே மாதிரி இருநூறு பெட்டிகள் அடுக்கியிருந்திருக்கும். அதில் எது உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இந்த நிலைமைக்காகவே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. எந்தச் சரக்கு என்று அடையாளப்படுத்தாதவரை உரிமை வாங்குபவருக்கு மாறாது என்கிறது 18ஆம் பிரிவு. அதுவரை நடந்திருப்பது விற்பதற்கான ஒப்பந்தம்தான், விற்பனை அல்ல. ஒரு பெட்டியை எடுத்து, உங்கள் பெயர் ஒட்டி, லாரியில் ஏற்ற அனுப்பும்போதுதான் அது விற்பனையாகிறது. ஜிஎஸ்டி சட்டப்படி வரி இன்வாய்ஸையும் சரக்கு கிளம்பும் முன்போ கிளம்பும்போதோ போட்டாக வேண்டும். ஆகவே 12ஆம் தேதி இன்வாய்ஸ் என்பது ஏதோ ஆபீஸ் தாமதம் அல்ல. விற்பனை நடந்த நாளை அவர்களே எழுதிக் கொடுத்த ஒப்புதல் அது.

நீங்கள் சொல்லவில்லை என்றாலும், 15ஆம் தேதி டெலிவரி, 17ஆம் தேதி மாட்டியது என்று பில்லோடு தெரியும் ஆர்டர் விவரத்தில் இருக்கிறது. சிலர் மாட்டிய நாளிலிருந்துதான் வாரண்டி என்று வாதிடுவார்கள். சில கம்பெனிகளின் விதியே அப்படி இருப்பதும் உண்டு. உங்கள் கம்பெனியின் விதி அப்படி இல்லை. அந்த வழியில் போகாதீர்கள். இன்வாய்ஸ் தேதி என்ற வலுவான இடத்தில் நிற்கும்போது, மாட்டிய தேதி என்று கூடுதலாக ஆசைப்பட்டால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

சரி, 12.05.2024இல் ஆரம்பித்த 12 மாதம் எப்போது முடிகிறது? கம்பெனிக்குச் சாதகமாக எண்ணினால், அதாவது 12ஆம் தேதியையும் ஒரு நாளாகச் சேர்த்தால், 11.05.2025 நள்ளிரவோடு முடிகிறது. உங்களுக்குச் சாதகமாக எண்ணினால் முதல் நாளை விட்டுவிட்டு 12.05.2025 வரை போகிறது. நீங்கள் 11ஆம் தேதி ராத்திரி புகார் போட்டதாகச் சொல்கிறீர்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள், சில மணி நேரம் மிச்சத்தோடு.

ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்குச் சாட்சி நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலும் இல்லை. எனக்கு வேண்டியது மூன்றாவது படம்: புகார் பதிவான நேரம்.

ஆப்பில் ராத்திரி ஒன்பது மணிக்குப் புகார் போட்டால், உறுதிப்படுத்தும் எஸ்எம்எஸ் சில சமயம் மறுநாள் காலையில்தான் வரும், அதுவும் மறுநாள் தேதியோடு. சர்வீஸ் சென்டரில் வேலை நேரத்துக்குப் பிறகு வருவதை அடுத்த நாள் கணக்கில் வரவு வைப்பார்கள். ஆகவே எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாமல், ஆப்புக்குள் போய் அந்தப் புகாரைத் திறந்து, புகார் எண்ணும் பதிவான தேதி, நேரமும் ஒரே திரையில் தெரியும்படி படம் எடுங்கள். அதில் 11 என்று இருந்தால் கவலையே இல்லை. 12 என்று இருந்தால், "தேதியிலிருந்து" என்ற சொல் வரும்போது அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ணுவதுதான் வழக்கம் என்று வாதிட வேண்டியிருக்கும். 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், 9ஆம் பிரிவு, சட்டங்களுக்கு இந்த முறையைத்தான் சொல்கிறது. தனியார் ஒப்பந்தத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அதே தர்க்கத்தை எடுத்து வைக்கலாம். வெல்லக்கூடிய வாதம்தான், ஆனால் 11 என்று இருந்தால் வாதமே தேவைப்படாது.

மெக்கானிக் வந்த 15ஆம் தேதியைப் பற்றி யாராவது பேசினால், விதியில் "வாரண்டி காலத்துக்குள் தெரிவிக்கப்பட்ட குறை" என்று அவர்களே எழுதியிருப்பதைக் காட்டுங்கள். தெரிவிப்பது உங்கள் வேலை, வருவது அவர்கள் வேலை. நான்கு நாள் கழித்து வந்துவிட்டு அந்த நான்கு நாளையும் உங்கள் தலையில் ஏற்ற முடியாது.

இப்போது அந்த ஐந்து வருஷ வரிக்கு வருகிறேன். படத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது: முழு ஏசிக்கு 1 வருஷம், பிசிபிக்கு, அதாவது போர்டுக்கு, 5 வருஷம், கம்ப்ரஸருக்கு 10 வருஷம். இது மட்டும் உங்களுக்குப் பொருந்தினால், மேலே நான் எழுதிய தேதிக் கணக்கு எதுவுமே வேண்டாம், 2029 வரை போர்டு அவர்கள் பொறுப்பு. அதனால்தான் இந்தப் படத்தை மிகக் கவனமாகப் பார்த்தேன். தலைப்பில் உள்ள மாடல் எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். N25 என்று முடிகிறது. உங்கள் பில்லில், பொருளின் விவரம் எழுதியிருக்கும் நீளமான வரியின் கடைசியில், N24 என்று இருக்கிறது. மற்ற எழுத்துகளெல்லாம் ஒன்றுதான்.

கம்பெனிகள் ஒவ்வொரு வருஷமும் மாடலின் வாலில் ஒரு எழுத்தோ எண்ணோ மாற்றிவிட்டுப் புதிதாக விற்பார்கள். உள்ளே இருக்கும் இயந்திரம் அதே இயந்திரமாகக்கூட இருக்கலாம். ஆனால் வாரண்டி என்பது வாங்கிய அன்று, அந்த மாடலுக்கு, அவர்கள் கொடுத்த வாக்கு. இன்றைக்கு அவர்கள் புது மாடலுக்குப் பெரிய வாக்கு கொடுத்தால் பழைய மாடலுக்கு அது ஏறாது. அதே மாதிரி, நாளைக்கு அதைக் குறைத்தாலும் உங்களுடையது குறையாது. நீங்கள் எடுத்த படம் இந்த வாரம் இணையத்தில் தெரிந்த பக்கம். மேலே முகவரிப் பட்டையும் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது, எந்தத் தளம், எந்தத் தேதி என்று ஒன்றும் தெரியவில்லை. இதைக் கம்பெனிக்கு அனுப்பினால் அடுத்த நிமிஷமே "இது உங்கள் மாடலுக்கு இல்லை" என்று பதில் வரும். அதோடு உங்களுடைய சரியான வாதத்தையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆகவே N24க்கு என்ன எழுதியிருந்தது, மேலே நான் இதே படத்திலிருந்து காட்டிய வரிகளும் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெட்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வாரண்டி அட்டை அச்சாகியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது ரிமோட் வந்த கவருக்குள் பீரோவில் கிடக்கும். கிடைக்காவிட்டால் கம்பெனித் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுக் கையேட்டை இறக்கிக்கொள்ளலாம். தம்பியின் ஆப்பில் பழைய ஆர்டரைத் திறந்தால், அன்றைக்கு விற்ற பக்கத்துக்குப் போக முடிகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பக்கம் இப்போது மாறியிருந்தால், web.archive.org என்ற தளத்தில் அதன் முகவரியை ஒட்டிப் பார்க்கலாம். 2024 மே மாதத்தை ஒட்டி யாராவது சேமித்து வைத்திருந்தால் அப்படியே கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம். இன்னொன்று: இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டிலும் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டிலும் தனித்தனி ஸ்டிக்கர் இருக்கும், தனித்தனி சீரியல் எண்ணும் இருக்கும். இரண்டையும் படம் எடுங்கள். உங்கள் பில்லில் சீரியல் எண் இல்லை. பில்லில் உள்ள ஏசியும் சுவரில் தொங்குவதும் ஒன்றுதான் என்று காட்ட இந்த ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்தான் இருக்கிறது.

தம்பி பெயரில் பில் இருப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 2(7)ஆம் பிரிவு, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. ஆனாலும் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தைத் தம்பியையே எழுதச் சொல்லுங்கள், வீண் கேள்வி மிச்சம். பில்லில் வாங்குபவர் பகுதியில் ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை, நல்லது. இருந்திருந்தால் "வணிகப் பயன்பாடு, வாரண்டி இல்லை" என்று ஆரம்பித்திருப்பார்கள்.

இரண்டு படங்களாலும் சொல்ல முடியாத ஒரு விஷயம், போர்டு ஏன் போனது என்பது. விதிகளின் கடைசியில் விலக்குகள் இருக்கின்றன: மின்னழுத்த ஏற்ற இறக்கம், எலி, பூச்சிகளால் ஏற்படும் சேதம், வெளியாள் பழுது பார்த்தது. தேதி வாதத்தில் தோற்றால் இங்கேதான் வருவார்கள். மெக்கானிக் உங்களிடம் கையெழுத்து வாங்கிய ஜாப் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். "போர்டு பழுது" என்று மட்டும் எழுதியிருந்தால் நல்லது. "வோல்டேஜ்" என்ற சொல் இருந்தால், அவர் எதை வைத்து எழுதினார், மீட்டர் வைத்து அளந்தாரா, எத்தனை வோல்ட் காட்டியது என்று எழுத்தில் கேளுங்கள். பல இன்வெர்ட்டர் ஏசிகளை "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று சொல்லி, எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்றும் போட்டுத்தான் விற்கிறார்கள். உங்கள் கையேட்டில் அந்த எண்கள் இருந்தால், அதற்குள் வந்த மின்சாரத்தைக் காரணம் காட்ட அவர்களுக்கு வாயில்லை. விலக்கைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்தான் அது பொருந்துகிறது என்று காட்ட வேண்டும்.

இதோடு பல்லியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அவுட்டோர் போர்டு போவதற்கு அது ஒரு பெரிய காரணம். கதகதப்புக்காக உள்ளே போய், இரண்டு முனைகளுக்கு நடுவே காலை வைத்து, தானும் கருகி போர்டையும் கருக்கிவிடும். என்னிடம் வந்த ஒரு வழக்கில், மெக்கானிக் பல்லியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார், கம்பெனி "பூச்சிகளால் சேதம்" என்று கைவிரித்தது. விதியில் இருந்தது எலி, பூச்சி இரண்டும்தான். பல்லி எலியும் இல்லை, பூச்சியும் இல்லை என்று ஒரு பத்தி எழுதினேன். விதியை எழுதியது கம்பெனி, அதில் சந்தேகம் இருந்தால் எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கொள்கை. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே போர்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய விதியிலும் பல்லி இல்லை. ஆனால் "பிற உயிரினங்கள்" என்று ஒரு சொல் சில விதிகளில் ஒட்டியிருக்கும், N24இன் அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஆப்பிலிருந்து பில்லை ஸ்கிரீன்ஷாட்டாக எடுக்காமல், இறக்கிக்கொள்ளும் பொத்தானை அழுத்தி பிடிஎஃப்பாகவே எடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பில்லின் கீழ்ப்பாதி, அதாவது விற்பனையாளர் யார் என்ற பகுதி, வரவே இல்லை. பிறகு தம்பியின் மெயிலிலிருந்து கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு நாலே வரி போதும்:

"இன்வாய்ஸ் தேதி 12.05.2024. உங்கள் விதிப்படி வாரண்டி இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதம். குறையை 11.05.2025 அன்று, புகார் எண் இன்னது, இத்தனை மணிக்குத் தெரிவித்தேன். உங்கள் சர்வீஸ் சென்டர் ஆர்டர் தேதியை வைத்து மறுத்திருக்கிறது. அதைத் திருத்தி, போர்டைக் கட்டணமில்லாமல் 7 நாளுக்குள் மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

கோபத்தையும், சமூக வலைத்தளத்தில் போடுவேன் என்ற மிரட்டலையும் சேர்க்காதீர்கள். இதைப் படிப்பவர் ஒரு மேஜையில் உட்கார்ந்து தேதியைச் சரி பார்க்கும் ஆள். அவருக்குத் தேவை இரண்டு தேதியும் ஒரு எண்ணும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் நிறைய அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 9,800 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்று கேட்டால், மெயிலும் 1915ம் கட்டாயம் செய்யுங்கள், ஆணையத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்பேன். காலம் இழுக்கும், அது உண்மை.

இந்த வெயிலில் அதுவரை எப்படி இருப்பது என்பது அடுத்த கேள்வி. வயதானவர்களோ குழந்தைகளோ இருந்து, உடனே சரி செய்தே ஆக வேண்டும் என்றால், 9,800ஐக் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், உரிமை போய்விடாது. ஆனால் ஜாப் ஷீட்டில் கையெழுத்துக்கு மேலே "வாரண்டி உரிமைக்கு உட்பட்டு, ஆட்சேபத்தோடு பணம் கட்டுகிறேன்" என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால், அதன் சீரியல் ஸ்டிக்கரும் கருகிய இடமும் தெரியும்படி இருபுறமும் படம் எடுத்துவிட்டு, போர்டை எடுத்துச் சென்றதாக அதே ஷீட்டில் எழுதி வாங்குங்கள். பின்னால் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப நினைத்தால், அனுப்புவதற்கு அந்த போர்டு இருக்க வேண்டும்.